ஒல்லியான குழந்தைக்கு பிபி ஏறினால் கிட்னியைத் தேடுவது ஏன், எப்படி?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, ஒல்லியான உடம்பு. இரண்டு மாதமாக அடிக்கடி தலைவலி என்கிறாள். குழந்தை டாக்டர் பிபி பார்த்தார், 132/88 இருந்தது. அடுத்த வாரம் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கிட்னியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார். அவளுக்கு முகம், கால் வீக்கம் எதுவும் இல்லை, சிறுநீரும் நன்றாகப் போகிறது. அப்புறம் எதற்குக் கிட்னி? என்னென்ன பார்ப்பார்கள்?

பதில்:

உங்கள் டாக்டர் சரியான இடத்தில்தான் தேடத் தொடங்கியிருக்கிறார். நான் குழந்தைகளின் சிறுநீரக நோய்களைப் பார்க்கும் மருத்துவர். இதே வயதில், இதே மாதிரித் தலைவலியோடு வந்த ஒரு சிறுமியின் கதையை வைத்தே சொல்கிறேன். எந்தச் சோதனை எதற்கு என்பது அப்போதுதான் புரியும்.

முதலில் அந்த அளவைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு 132/88 என்றால் "கொஞ்சம் அதிகம், உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். குழந்தைகளுக்கு அப்படி எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, உயரம் எவ்வளவு என்ற மூன்றையும் வைத்துத்தான் அட்டவணையில் பார்ப்போம். அவசரத்துக்கு நாங்கள் நினைவில் வைத்திருக்கும் சுருக்கக் கணக்கு ஒன்று உண்டு. அதன்படி 8 வயதுக் குழந்தைக்கு 107/69-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ முழு அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகளின் மேல் அளவு அந்த எல்லையை விட 25 கூடுதல். முழு அட்டவணையில் வைத்துப் பார்த்தாலும், உயர் ரத்த அழுத்தத்தின் இரண்டு நிலைகளில் கடுமையான இரண்டாம் நிலையில்தான் இது வரும். "சின்னப் பிள்ளைதானே, வளர வளரச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக்கூடிய அளவு இல்லை.

ஆனால் கிட்னிக்குள் போவதற்கு முன், அந்த எண் உண்மையானதா என்று உறுதி செய்ய வேண்டும். இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கையில் சுற்றும் பட்டையின் அளவு குழந்தையின் கைக்குப் பொருந்த வேண்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் மேல் கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், அதன் நீளம் கையை 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றி வர வேண்டும். பட்டை சிறியதாக இருந்தால் இல்லாத பிபியை இருப்பதாகக் காட்டும். ஒருமுறை 10 வயதுப் பையனை 134 என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். குண்டான கை. சின்னக் குழந்தைகளுக்கான பட்டையை இழுத்துப் பிடித்து ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவனுக்குப் பொருந்தியது பெரியவர்களின் பட்டை. அதை மாற்றிப் பார்த்ததும் 106. அந்தப் பிள்ளைக்கு ஒரு சோதனையும் தேவைப்படவில்லை.

அப்புறம், ஓடி வந்த குழந்தையை உடனே உட்கார வைத்துப் பார்க்கக் கூடாது. நான்கைந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி, பேசாமல் உட்கார்ந்த பிறகு வலது கையில் பார்க்க வேண்டும். மின்னணுக் கருவி அதிகமாகக் காட்டினால், ஸ்டெத் வைத்துக் காதால் கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஒரு தடவையாவது காலிலும் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாகக் காலில் கையை விட 10 முதல் 20 வரை கூடுதலாக இருக்கும். காலில் குறைவாக இருந்தால் இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியில் பிறவிச் சுருக்கம் இருக்கலாம். அது வேறு வழி, கிட்னி வழியில் போய் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

சரி, எண் உண்மைதான் என்று ஆகிவிட்டது. எதற்குக் கிட்னி?

பெரியவர்களின் பிபிக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. சின்னக் குழந்தைகளிடம் நிலைமை மாறும். வயது எவ்வளவு குறைவோ, உடம்பு எவ்வளவு ஒல்லியோ, பிபி எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி ஒளிந்திருப்பது பெரும்பாலும் கிட்னியில்தான் இருக்கும். 14 வயதில் எடை அதிகமான பையன், அப்பா அம்மா இருவருக்கும் பிபி, அளவும் லேசாகத்தான் கூடுதல் என்றால் நான் இவ்வளவு தோண்ட மாட்டேன். அவனுக்கும் சிறுநீரும் ரத்தமும் ஒருமுறை பார்ப்பேன், மற்றபடி எடையைத்தான் கவனிப்பேன். உங்கள் மகளின் கணக்கு வேறு.

"சிறுநீர் நன்றாகப் போகிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்னிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று கழிவை வடிகட்டுவது. இன்னொன்று, உடம்பின் ரத்த அழுத்தத்தைக் கண்காணித்து ஏற்றி இறக்குவது. முதல் வேலை ஓரளவு நன்றாக நடக்கும்போதே இரண்டாவது வேலை கெட்டுப்போகலாம். எப்படி என்றால், கிட்னியின் ஒரு மூலையில் பழைய தழும்பு இருக்கிறது என்று வையுங்கள். தழும்பை ஒட்டிய பகுதிக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த விவசாயி "மதகைத் திற" என்று குரல் கொடுப்பார். வாய்க்கால் நடுவில் அடைத்திருக்கிறது, மேலே அணை நிரம்பித்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதே மாதிரி அந்த மூலை, உடம்பு முழுக்க அழுத்தம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக உண்டாகும் ஆஞ்சியோடென்சின் உடம்பெங்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, உப்பையும் நீரையும் உள்ளே தங்க வைக்கிறது. பிபி ஏறுகிறது. தழும்புக்கு மட்டும் ரத்தம் கூடுவதில்லை, அதனால் அது ரெனின் சுரப்பதை நிறுத்துவதும் இல்லை. இதற்கு வீக்கமும் வராது, சிறுநீரின் நிறமும் மாறாது.

நான் சொன்ன சிறுமியும் 8 வயதுதான். நான்கு மாதமாகத் தலைவலி. கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டார்கள். சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். "பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள்" என்றும் வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. யாரும் பிபி பார்க்கவில்லை. ஒருநாள் மூக்கில் ரத்தம் வந்தது. அன்று போன இடத்தில் ஒரு நர்ஸ் தற்செயலாகப் பட்டையைச் சுற்றியதில் 138/94. எங்களிடம் வந்தபோது பொருத்தமான பட்டையில், மூன்று தடவை பார்த்தும் அதேதான். அன்றே வார்டில் சேர்த்தோம்.

சோதனைக்கு எழுதுவதற்கு முன் பேசித்தான் ஆக வேண்டும். எனக்கு மிகவும் உதவியவர் அவளுடைய பாட்டி. குழந்தையாக இருந்தபோது ஏதாவது நோய் வந்ததா என்று கேட்டதற்கு அம்மா இல்லை என்றார். பாட்டி, "ஒண்ணரை வயசுக்குள்ள நாலஞ்சு தடவை நல்லா காய்ச்சல் அடிச்சுது சார், சளி இருமல் எதுவும் இருக்காது, பல் மொளைக்கிற காய்ச்சல்னு விட்டுட்டோம்" என்றார். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, ஆனால் 103 டிகிரி காய்ச்சல். கைக்குழந்தைகளில் இப்படி வரும் காய்ச்சலில் ஒரு பங்கு சிறுநீர்த் தொற்று, அது கிட்னி வரை ஏறினால் தழும்பை விட்டுச் செல்லலாம். பல் முளைப்பதற்கு அவ்வளவு காய்ச்சல் வராது. இன்னும் கேட்டபோது, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறாள், இப்போதும் சில நாள் படுக்கையை நனைக்கிறாள், பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை அடக்கி வைக்கிறாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. உயரம் 118 செ.மீ. வகுப்பில் முதல் வரிசையில் நிற்பவள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எந்த வீட்டிலும் உள்ளதுதான். சேர்த்துப் பார்த்தால் பழைய தழும்பு உள்ள கிட்னியின் படம்.

முதல் சோதனை சிறுநீர். செலவு குறைவு, சொல்லும் செய்தி அதிகம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைத்தான் எடுக்க வேண்டும். பகல் முழுக்க ஓடியாடிய பிறகு சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் புரதம் வெளியேறும், அது நோய் இல்லை. காலை மாதிரியில் புரதத்தையும் கிரியாட்டினினையும் அளந்து விகிதம் போட்டால் 0.2-க்குள் இருக்க வேண்டும். அவளுக்கு 0.6. ரத்த அணுக்கள் இல்லை. கிட்னி வடிகட்டி அழற்சியில் 2, 3 என்று போவதைப் பார்க்கிறோம், கூடவே ரத்தமும் வரும். புரதம் கொஞ்சம், ரத்தம் இல்லை என்றால் அது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்த பழைய சேதம். ஒன்று சொல்ல வேண்டும்: சிறுநீர் முற்றிலும் சரியாக இருந்தாலும் கிட்னி சரி என்று முடிவுகட்ட முடியாது. ஒரு பக்கம் மட்டும் சின்னத் தழும்பு என்றாலோ, கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருந்தாலோ சிறுநீரில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது ரத்தத்தில் கிரியாட்டினின். இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் பெற்றோர் மட்டுமல்ல, மருத்துவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அந்தச் சிறுமியின் ரிப்போர்ட்டில் 0.8 என்று இருந்தது. பக்கத்திலேயே 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தார்கள். அப்பா நிம்மதியாகி, "கிட்னி நார்மல்தானே சார்" என்றார். அந்த அச்சு பெரியவர்களுக்கானது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும். குழந்தைக்குத் தசை குறைவு, அதனால் ரத்தத்தில் அது இயல்பாகவே குறைவாகத்தான் இருக்க வேண்டும். 8 வயதில் 0.5-ஐ ஒட்டி இருக்கும். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் குழந்தைக்கு உயரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்:

0.413 × உயரம் (செ.மீ.) ÷ கிரியாட்டினின்

அவளுக்கு 0.413 × 118 ÷ 0.8 = 61. ஆரோக்கியமான குழந்தைக்கு இது 90-க்கு மேல் இருக்க வேண்டும். ரிப்போர்ட் நார்மல் என்று சொன்ன கிட்னிகள், இரண்டும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்துகொண்டிருந்தன. உங்கள் மகளின் ரிப்போர்ட் வந்ததும் நார்மல் என்ற சொல்லைப் பார்க்காதீர்கள். அவள் உயரத்தை அளந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதோடு டாக்டரிடம் பேசுங்கள். இந்தக் கணக்கும் ஒரு மதிப்பீடுதான். மிகவும் மெலிந்த குழந்தைக்குக் கிரியாட்டினின் இன்னும் குறைவாக இருக்கும் என்பதால் கணக்கு உண்மையை விட நல்லதாகக் காட்டும்.

அதே ரத்தத்தில் பொட்டாசியமும் பார்ப்போம். கிட்னி வேலை வெகுவாகக் குறைந்திருந்தால் பொட்டாசியம் ஏறும். மாறாக பிபி மிக அதிகமாக இருந்து பொட்டாசியம் இறங்கியிருந்தால் ரெனின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று சந்தேகப்படுவோம். அப்போது ரத்தக் குழாயின் பக்கம் கவனம் திரும்பும்.

மூன்றாவது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. எத்தனை கிட்னி இருக்கிறது, அளவு என்ன, நீர்க்கட்டிகள் உண்டா, சிறுநீர் தேங்கி வீங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருக்கிறதா என்று தெரியும். அவளுக்கு வலது கிட்னி 8.3 செ.மீ., இடது 6 செ.மீ. ஒரு கிட்னிக்கும் இன்னொன்றுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே காரணம் தேட வேண்டும், இங்கே இரண்டுக்கும் மேல். ஸ்கேன் எழுதியவர் "இடது கிட்னி சிறியது" என்று ஒரு வரியில் முடித்திருந்தார். வலதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அந்த வலதுதான் உறுத்தியது. ஒரு கிட்னி பலவீனமாக இருந்தால், நல்ல கிட்னி அதன் வேலையையும் சேர்த்துச் செய்து, வயதுக்கு மீறிப் பெரிதாக வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. வலதும் முழுசாக நல்ல கிட்னி இல்லை என்று அர்த்தம். கிரியாட்டினின் சொன்ன 61-க்கும் இது பொருந்தியது. ஒரு கிட்னி கெட்டு மற்றது நன்றாக இருந்திருந்தால் அந்த எண் அவ்வளவு இறங்கியிருக்காது.

அல்ட்ராசவுண்ட் பெரிய மாற்றங்களைத்தான் பிடிக்கும், தழும்புகளைத் தவற விட்டுவிடும். அதனால் ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் கதை பொருந்தினால் தேடலை நிறுத்துவதில்லை. தழும்பைக் காட்டுவது டிஎம்எஸ்ஏ ஸ்கேன். கையில் ஒரு ஊசி வழியாக மிகக் குறைந்த அளவு கதிரியக்கம் உள்ள மருந்தைச் செலுத்துவார்கள். வேலை செய்யும் கிட்னித் திசு மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் நல்ல இடம் ஒளிரும், தழும்பு உள்ள இடம் கடித்தெடுத்த மாதிரி வெறுமையாகத் தெரியும். பெற்றோர் கதிரியக்கம் என்ற சொல்லுக்குப் பயப்படுகிறார்கள். அளவு மிகக் குறைவு, பெரும்பாலானது சிறுநீரோடு போய்விடும். அன்று நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தால் போதும். சமீபத்தில் சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் மட்டும் நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் இந்தப் படத்தில் தழும்பு மாதிரியே தெரியும்.

அவளுடைய படத்தில் இடது கிட்னி சுருங்கி, மொத்த வேலையில் 19 சதவீதம் மட்டும் செய்துகொண்டிருந்தது. வலது 81. வலதின் மேல் முனையில் ஒரு வெறுமை, அதாவது அங்கும் தழும்பு. இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சதவீதம் இரண்டு கிட்னிகளும் வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதை மட்டும் சொல்கிறது. 81 என்பது அந்தக் கிட்னிக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. குறைந்துபோன 61-ல் 81 சதவீதம் அது.

பிறகு சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே. சிறுநீர் மேல்நோக்கிக் கிட்னிக்குத் திரும்பிப் போகிறதா என்று அதில் தெரியும். சின்னக் குழாய் விட வேண்டியிருப்பதால் குழந்தைக்குக் கஷ்டமான சோதனை, எல்லோருக்கும் எழுதுவதில்லை. அவளுக்கு இடது பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிப் போனது. வலது பக்கம் இல்லை. அதனால் வலதில் ஒருபோதும் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. பல குழந்தைகளுக்கு வளரும்போது இந்தத் திரும்பல் தானாக நின்றுவிடும். அது விட்டுச்சென்ற தழும்பு மட்டும் நிற்கும், பிபி பல வருடம் கழித்து வரும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் முடிவு இதுவாக இருக்காது. இரண்டு வேறு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி, சிறுநீர் கருப்புக் காப்பி நிறத்தில் போய், அளவு குறைந்து, கூடவே பிபியும் ஏறினால், அது பெரும்பாலும் தொண்டைப் புண்ணுக்கோ சொறி சிரங்குக்கோ பிறகு வரும் வடிகட்டி அழற்சி. தொண்டைப் புண் வந்து ஒன்றிரண்டு வாரத்தில், சிரங்கு என்றால் மூன்று முதல் ஆறு வாரத்தில் வரும். ரத்தத்தில் சி3 என்ற புரதம் இறங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அது நார்மலுக்குத் திரும்பிவிட்டால் நிம்மதி. திரும்பாவிட்டால் வேறு நோய் இருக்கலாம், கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டி வரும். உங்கள் மகளுக்கு வீக்கமும் இல்லை, பிபியும் நீடிக்கிறது என்பதால் இது பொருந்துவதாகத் தோன்றவில்லை.

மற்றொன்று கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயின் சுருக்கம். பிபி மிக அதிகமாக இருக்கும், ஒரு மருந்துக்கு இறங்காது, சில குழந்தைகளுக்கு வயிற்றில் ஸ்டெத் வைத்தால் சலசலவென்று ஓசை கேட்கும். நம் நாட்டுக் குழந்தைகளில் இதற்கு முக்கியக் காரணம் டகயாசு என்ற ரத்தக் குழாய் அழற்சி. அதனால்தான் கை கால் எல்லா இடத்திலும் நாடியைத் தொட்டுப் பார்க்கிறோம். உடம்பில் காப்பி நிறத்தில் பல திட்டுகள் இருந்தாலும் இந்தப் பக்கம் யோசிப்போம், தோலையும் நரம்பையும் பாதிக்கும் ஒரு பரம்பரை நோயில் ரத்தக் குழாயும் சுருங்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் முதல் படி. ஆனால் அது சரியாக இருக்கிறது என்று வந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் சிடி ஆஞ்சியோவோ, குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்திப் பார்க்கும் ஆஞ்சியோகிராமோ வேண்டியிருக்கும். இந்தச் சுருக்கத்தை பலூன் வைத்து விரிக்க முடியும் என்பதால் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, இத்தனை நாள் ஏறியிருந்த பிபி எங்கே சேதம் செய்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எக்கோவில் அவளுடைய இதயத்தின் இடது அறைச் சுவர் லேசாகத் தடித்திருந்தது. அதாவது பிபி நேற்று வந்ததில்லை. கண்ணின் பின்புறத்தையும் பார்த்தோம். கண்ணாடி எழுதிய அன்று சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்திருந்தால் அன்றைக்கே கூட ஏதாவது தெரிந்திருக்கலாம்.

மருந்தில் முதலில் ஆம்லோடிபின் கொடுத்தோம். பிபியை ஒரே நாளில் நார்மலுக்குக் கொண்டுவர முயலவில்லை. மாதக்கணக்கில் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று அழுத்தம் குறைந்தால் ரத்தம் போதாமல் போகும். டாப்ளரில் இரண்டு ரத்தக் குழாய்களும் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு எனலாப்ரில் தொடங்கினோம். தழும்பு அனுப்பும் அந்தத் தவறான குரலை இந்த மருந்து வழியிலேயே அடக்குகிறது, புரதம் ஒழுகுவதையும் குறைக்கிறது. ஆனால் இரண்டு கிட்னிக் குழாய்களும் சுருங்கியிருக்கும் குழந்தைக்கு இதைக் கொடுத்தால் கிட்னி வேலை சட்டென்று படுத்துவிடும். அதனால்தான் முதலில் குழாயைப் பார்ப்பதும், தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் மறுபடி பார்ப்பதும். வாந்தி பேதி வந்தால் அன்றைக்கு இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களுக்கு போன் செய்யச் சொல்லி அம்மாவிடம் எழுதிக் கொடுத்தோம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபென் கூடாது என்றும்.

அந்தச் சின்ன இடது கிட்னியை எடுத்துவிட்டால் பிபி போய்விடுமே என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு கிட்னி 10 சதவீதத்துக்கும் குறைவாக வேலை செய்து, மற்றது முழு நலமாக இருந்தால் அப்படிச் செய்வதுண்டு, பிபியும் இறங்கலாம். இவளுக்கு வலதிலும் தழும்பு இருக்கும்போது, இருக்கிற 19-ஐ வெட்டி எறிய எனக்கு மனம் வரவில்லை. அறுவை சிகிச்சை நிபுணரும் வேண்டாம் என்றார்.

கிட்னி பாதித்த குழந்தைக்கு பிபியை "ஓரளவு" கட்டுப்படுத்தினால் போதாது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட 385 குழந்தைகளை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் ஒரே மருந்துதான், ராமிப்ரில். ஒரு பிரிவினருக்கு பிபியை வழக்கமான அளவில் வைத்தார்கள், மற்றப் பிரிவினருக்கு அதே வயதுக் குழந்தைகளின் நடு அளவுக்கும் கீழே இறக்கினார்கள். கிட்னி வேலை பாதியாகக் குறைந்தவர்களும் முற்றிலும் இழந்தவர்களும் முதல் பிரிவில் சுமார் 42 சதவீதம், இரண்டாம் பிரிவில் 30. அதனால் 24 மணி நேரம் கையில் கட்டிவிடும் பிபி கருவியை வைத்துத்தான் மருந்தைச் சரிசெய்கிறோம். பகலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் அரை மணிக்கு ஒருமுறை அது தானே அளக்கும். டாக்டரைக் கண்ட பயத்தில் ஏறும் பிபி எது, உண்மையான பிபி எது என்பதும் அதில் பிரிந்துவிடும். நல்ல உடம்பில் தூக்கத்தில் பிபி 10 சதவீதமாவது இறங்கும். கிட்னி நோயில் பல பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை, பகலில் கிளினிக்கில் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

உங்கள் மகளுக்குச் சொல்வது இதுதான். சோதனைகள் நடக்கும் வரை அவளைப் பள்ளிக்கு அனுப்பலாம், ஆனால் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சு வாங்குதல், முகம் ஒரு பக்கம் கோணுதல் இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். முகம் கோணியதற்கு ஸ்டீராய்டு எழுதினால், முதலில் பிபி பார்க்கச் சொல்லுங்கள். உயர் ரத்த அழுத்தமே குழந்தைகளுக்கு முக வாதத்தைக் கொண்டுவரும், ஸ்டீராய்டு பிபியை இன்னும் ஏற்றும். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம், கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது.

அந்தச் சிறுமிக்கு இப்போது 13 வயது. இரண்டு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர். கிட்னி கணக்கு 61-லிருந்து 57-க்கு வந்திருக்கிறது, ஐந்து வருடத்தில் அவ்வளவுதான் இறக்கம். தலைவலி முதல் மாதத்திலேயே போய்விட்டது. சிறுநீர் திரும்பிப் போகும் இந்தக் குறை உடன்பிறந்தவர்களிடமும் இருக்கக்கூடியது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வருடம் பிறந்த தம்பிக்குப் பத்து மாதத்தில் சளி இல்லாமல் காய்ச்சல் வந்தபோது, பாட்டி "பல் மொளைக்குது" என்று சொல்லவில்லை. மருந்து எதுவும் கொடுப்பதற்கு முன்பே சிறுநீர் கல்ச்சர் எடுக்க வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொற்று இருந்தது. அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்கினோம். ஆறு மாதம் கழித்து எடுத்த டிஎம்எஸ்ஏ படத்தில் அவனுடைய இரண்டு கிட்னிகளும் முழுசாக ஒளிர்ந்தன.